சைலோவுக்குள் இறங்கி மக்காச்சோளக் கட்டியை உடைக்கலாமா?

கேள்வி: ஐயா, உடுமலைப் பக்கம் மக்காச்சோளம் பயிரிட்டு, அக்கம்பக்கத்தாரிடமும் வாங்கிச் சேர்த்துக் கோழித் தீவனத்துக்குக் கொடுத்து வருகிறேன். தானியம் சேமிக்கும் 5 மீட்டர் விட்டமுள்ள தகரச் சைலோவில் 80 டன் இருந்தது. போன வாரம் 9 டன் லோடு ஒன்று எடுத்தேன். இப்போது அடியிலிருந்து சோளத்தை வெளியே தள்ளும் ஸ்க்ரூ கன்வேயரின் மோட்டார் ஓடியும் சோளம் வரவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் சோளம் நிரவிவிட்டபடி சமமாகவே இருக்கிறது. போன வருடம் என் மகன் உள்ளே இறங்கி மிதித்து, கடப்பாரையால் குத்திச் சரி செய்தான். இந்த முறை இடுப்பில் கயிறு கட்டி இறக்கினால் போதுமா?

பதில்: வேண்டாம். கயிறு கட்டியும் வேண்டாம். முதலில் மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

மேற்பரப்பு சமமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான். மக்காச்சோளம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 720 கிலோ இருக்கும். ஆகவே நீங்கள் எடுத்த 9 டன் என்பது பன்னிரண்டரை கன மீட்டர். அடியில் நடுவில் உள்ள வாயின் வழியாக அவ்வளவு சோளம் இறங்கியிருந்தால், மேலே புனல் போலக் குழி விழுந்து, அதன் நடுப்பகுதி முன்பிருந்ததைவிட நாலரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். அப்படித் தாழவில்லை என்றால் மேல் அடுக்கு பொருக்குத் தட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு பாலம் போல நிற்கிறது என்றும், அதன் அடியில் ஒரு சிறிய அறையின் அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது என்றும் பொருள். பார்வைக்குத் தரை போலத் தெரியும் அந்தப் பொருக்கு எத்தனை விரற்கடை கனம் என்று மேலிருந்து யாராலும் சொல்ல முடியாது. போன வருடம் உங்கள் மகன் மிதித்தபோது தாங்கியது என்பதை வைத்து இந்த வருடப் பொருக்கை எடை போடாதீர்கள்.

பொருக்கு உடைந்தால் மிதித்தவர் வெற்றிடத்துக்குள் விழுவார். சுற்றியிருக்கும் சோளம் அவர் மேல் சரியும். அந்த நேரத்தில் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தால் தப்பிக்க வழியே இல்லை. சோளம் சைலோவின் முழு அகலத்திலிருந்தும் ஒரே சீராக இறங்குவதில்லை. வாய்க்கு நேர் மேலே உள்ள ஒடுக்கமான தூண் போன்ற பகுதிதான் முதலில் இறங்கும், பக்கத்தில் உள்ளது அதற்குள் சரிந்து விழும். அந்தத் தூணின் மேல் நிற்கும் ஆள் முழுதாக மறைய, அவர் நிற்கும் அகலத்துக்கு அவர் உயரச் சோளம், அதாவது தோராயமாக 240 கிலோ, வெளியேறினால் போதும். மணிக்கு 40 டன் தள்ளும் ஸ்க்ரூ கன்வேயர் நொடிக்கு 11 கிலோ எடுக்கிறது. கணக்குப் பார்த்தால் இருபது நொடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். முதல் நாலைந்து நொடியிலேயே முழங்கால் சிக்கிவிடுவதால், ஆபத்து புரிகிறபோது கால் எழாது.

மார்பு வரை புதைந்தவருக்குத் தலை வெளியே இருந்தாலும் மூச்சு முட்டும். மூச்சை விடும்போது மார்பு சுருங்குகிற இடத்தைச் சோளம் நிரப்பிவிடுகிறது. அடுத்த மூச்சுக்கு மார்பு விரிய இடமிருக்காது. இங்கேதான் உங்கள் கயிற்றுக் கணக்கு தப்பிப்போகிறது. இடுப்பு வரை புதைந்த ஆளை மேலே இழுக்கவே 150 கிலோவுக்கு மேல் விசை வேண்டும், தோள் வரை புதைந்தால் 400 கிலோவைத் தாண்டும். இருவர் சேர்ந்து இழுத்தாலும் அது முடியாது. இயந்திரத்தால் இழுத்தால் இடுப்புக் கயிறு வயிற்றை நசுக்கும், முதுகெலும்பையும் பெயர்க்கும். நடமாடுவதற்காகத் தொய்வாக விடப்பட்ட கயிறு, அவர் புதைந்து முடிந்த பிறகுதான் விறைப்பாகும்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் மவுண்ட் கேரல் என்ற ஊரில் 2010 ஜூலை 28 அன்று, அடியில் கன்வேயர் ஓடிக்கொண்டிருக்க, மக்காச்சோளத்தை மிதித்துக் கீழே தள்ளுவதற்காக இளைஞர்களைச் சைலோவுக்குள் அனுப்பினார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் இழுபட்டு இறந்தான். அவனைக் காப்பாற்றப் போன இருவரில் 19 வயதுக்காரரும் இறந்தார். 20 வயதுக்காரரைப் பல மணி நேரம் போராடி உயிருடன் எடுத்தார்கள். கன்வேயரை நிறுத்திப் பூட்டவில்லை, உடல் பட்டையும் உயிர்க்கயிறும் தரவில்லை, பயிற்சி கொடுக்கவில்லை என்பவை விசாரணையில் வெளிவந்த குற்றங்கள். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதுதான் இத்தகைய விபத்துகளில் சாவைக் கூட்டுகிறது.

உங்கள் சைலோவில் செய்ய வேண்டியது இதுதான். சுவிட்ச் பூட்டியபடியே இருக்கட்டும். கூரையில் உள்ள ஆள்புழை வழியாக, ஏணியில் நின்று, உடலை உள்ளே நுழைக்காமல், நீண்ட மூங்கிலையோ கனமான பிளாஸ்டிக் குழாயையோ விட்டுப் பொருக்கைக் குத்தி உடையுங்கள். இரும்புக் குழாய் வேண்டாம். மின்கம்பி பக்கத்தில் போனால் அதுவே எமனாகும். கழியின் மேல் நுனியை வெளியே கட்டிவைத்தால் கை நழுவினாலும் கன்வேயரில் போய்ச் சிக்காது. கழி சட்டென்று எதிர்ப்பில்லாமல் இறங்கினால் வெற்றிடத்தைத் தொட்டுவிட்டீர்கள். பல இடங்களில் குத்தி, மேற்பரப்பு உள்வாங்கிக் குழி விழுந்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும். குழி விழவில்லை என்றால் சைலோ அமைத்துக் கொடுத்தவர்களை வரவழையுங்கள். பக்கக் கதவைத் திறந்து சோளத்தை வடியவிட எண்ணாதீர்கள். ஒரு பக்கமாக வடியும்போது தகரச் சுவர் நெளிந்துவிடும், சுவரில் ஒட்டி நிற்கும் சோளமும் கதவருகில் நிற்பவர் மேல் சரியும்.

எந்தச் சைலோவுக்குள்ளாவது இறங்கியே தீர வேண்டிய நிலை வந்தால், பொருக்கும் சுவரில் ஒட்டிய சோளமும் இல்லாதபோது மட்டும், மோட்டார் பூட்டிய நிலையில், முழு உடல் பட்டை அணிந்து, மேலே உறுதியான சட்டத்தில் தொய்வின்றிக் கயிறு மாட்டி, ஆள்புழையில் ஒருவர் கண் எடுக்காமல் நிற்க இறங்க வேண்டும். பூச்சியைக் கொல்ல நச்சு வாயு விடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்திருந்தாலோ, சோளம் புளித்த வாடை அடித்தாலோ காற்றை அளந்து பார்க்காமல் தலையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது.

ஒருவேளை யாராவது சிக்கினால் மோட்டாரை நிறுத்தி, சோளத்துக்குள் சூடேற்றாத காற்றைச் செலுத்தும் மின்விசிறி இருந்தால் அதை மட்டும் ஓடவிட்டு, 101-க்கோ 112-க்கோ அழையுங்கள். அடியில் சோளத்தை இறக்கி அவரை விடுவிக்க முயன்றால் அவரும் சேர்ந்து கீழே போவார். தீயணைப்பு வீரர்கள் அவரைச் சுற்றிப் பலகைகளை வளையமாகச் செருகி, அந்த வளையத்துக்குள் இருக்கும் சோளத்தை மட்டும் அள்ளுவார்கள். தலையே மறைந்துவிட்டால் சைலோவின் சுவரைச் சுற்றிலும் சமதூரத்தில் வெட்டிச் சோளத்தை வெளியேற்றுவார்கள்.

பொருக்கு ஏன் தட்டியது என்பதையும் பாருங்கள். 14 சதவீத ஈரத்துக்கு மேல் உள்ள சோளத்தை நிரப்பியிருந்தாலோ, பகலில் சூடேறிய சோளத்தின் ஈரம் இரவில் கூரையில் வியர்த்து மேல் அடுக்கில் சொட்டியிருந்தாலோ, பூஞ்சணம் பிடித்து மணிகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஒவ்வொரு லோடையும் ஈரமானியில் பார்த்து வாங்குங்கள். நிரப்பியவுடன் நடுவிலிருந்து ஒன்றிரண்டு டன்னை எடுத்துவிட்டால், நிரப்பும் குழாய்க்குக் கீழே குவிந்த தூசியும் உடைசலும் அதோடு வெளியே வந்துவிடும். இப்போது பொருக்கில் உள்ள சோளத்தைப் பூஞ்சண நஞ்சுச் சோதனை செய்யாமல் தீவனத்துக்குக் கொடுக்காதீர்கள்.