கண்ணில் கோளாறு இல்லை, பிறகு ஏன் தெரியவில்லை?

"மூன்று வயது மகன் குறைமாதத்தில் பிறந்தவன். கண்ணில் கோளாறு இல்லை, மூளைசார் பார்வைக் குறைபாடு (சி.வி.ஐ.) என்கிறார்கள். உருளும் சிவப்புப் பந்தை உடனே பார்க்கிறான். பெட்டியில் மற்ற பொம்மைகளோடு கிடந்தால் அதே பந்து தெரிவதில்லை. எடுக்கும்போது முகத்தையும் திருப்பிக்கொள்கிறான். நடிக்கிறான் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?"
– ஒரு தாய்

அவன் நடிக்கவில்லை, சகோதரி. இதை வீட்டில் எல்லோரிடமும் உறுதியாகச் சொல்லுங்கள்.

கண் படம் பிடித்து அனுப்புகிறது. அது என்னவென்று அறிவது மூளை. குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தப் பாதையிலுள்ள நரம்பிழைகள் பாதிக்கப்படுவதுண்டு. கண்ணில் மட்டும் கோளாறு இருந்தால் பார்வை பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும். இங்கே களைப்பு, இரைச்சல், பொருள்களின் நெரிசல் ஆகியவற்றைப் பொறுத்து மணிக்கு மணி மாறும். அசைவை உணரும் திறன் பலருக்குப் பாதிக்கப்படாமல் இருக்கிறது. அதனால்தான் உருளும் பந்து தெரிகிறது. பெட்டிக்குள்ளோ, பத்துப் பொம்மைகளிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

முகத்தைத் திருப்புவதற்கும் காரணம் உண்டு. பார்ப்பதையும் கையை நீட்டுவதையும் ஒரே நேரத்தில் செய்வது அவனுக்குக் கடினம். முதலில் பார்க்கிறான், பிறகு திரும்பிக்கொண்டு எடுக்கிறான். தலையைப் பிடித்துத் திருப்பிவிடாதீர்கள்.

பெட்டியை ஒதுக்கிவிட்டு இப்படிச் செய்து பாருங்கள். மேசைமேல் வண்ணக்கோலம் இல்லாத கறுப்புத் துணியை விரித்து, பந்தை மட்டும் வையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பந்தை லேசாக அசைத்துவிட்டு, பேசாமல் காத்திருங்கள். பத்து விநாடி, சில சமயம் அதற்கும் மேல் ஆகலாம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: பார்க்கவில்லையே என்று பெயர் சொல்லி அழைத்து, கிலுகிலுப்பையையும் ஆட்டுவார்கள். காது வேலை செய்யத் தொடங்கியதும் கண் நின்றுவிடும். அவன் பார்த்து, தொட்ட பிறகு "பந்து" என்று சொல்லுங்கள். பல நாள் இது எளிதாக நடந்த பின்பே இரண்டாவது பொம்மையைச் சேர்க்க வேண்டும். கண்ணை மூடினாலோ சிணுங்கினாலோ அன்றைக்குப் போதும்.

தரையில் கிடப்பவற்றில் இடறுகிறானா, தட்டின் தன் பக்கத்து உணவை விட்டுவிடுகிறானா என்றும் கவனியுங்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் கீழ்ப்பக்கப் பார்வை குறைவது அதிகம். அப்படியிருந்தால் பொருளைச் சற்று உயர்த்தி, சாய்பலகையில் வையுங்கள். தினமும் அதே நிறக் கோப்பை, அதே கரண்டி என்று வைத்துக்கொள்வதும் உதவும்.

கண் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். இந்தக் குழந்தைகளுக்கு மாறுகண்ணும் கண்ணாடி தேவைப்படும் குறையும் சேர்ந்தே வருவதுண்டு. கண்ணாடி மூளைக் குறையைத் தீர்க்காது, ஆனால் மூளைக்குத் தெளிவான படத்தை அனுப்பும். பார்வை பலருக்கு மெல்ல மேம்படுகிறது. எவ்வளவு என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. இருந்த பார்வை திடீரெனக் குறைந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். வலிப்போ வேறு சிக்கலோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.