சம்பளச் சிட்டை இல்லாத கடைக்காரன் கடனட்டை எல்லையைக் கூட்டக் கேட்பது எப்படி?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடனட்டை எல்லை ஒரு லட்சம். கூட்டித் தரச் சொல்லிக் கேட்டால் வருமான ஆதாரம் கொண்டு வாங்கோ என்கிறார்கள். சம்பளச் சிட்டை இல்லாத நான் எதைக் காட்டுவது, கடிதத்தில் என்ன எழுதுவது?

பதில்:

நான் பரந்தனுக்குக் கிட்ட லேண்ட் மாஸ்டர், உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். இதே ஒரு லட்சத்தைக் கூட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். முதல் முறை மறுத்தார்கள், மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது தந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் என் வருமானம் கூடவில்லை. கொடுத்த கடதாசிதான் மாறியது. அதனால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் முறை போனது ஜனவரியில். படிவத்தில் கடைசி மூன்று மாத வங்கிக் கூற்று என்று இருந்தது, நானும் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதக் கூற்றுகளை அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கடைக்காரருக்கு அந்த மூன்று மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலபோக விதைப்பு, உழவு எல்லாம் அப்போதுதான். பெல்ட், பெயரிங், எண்ணெய் எல்லாம் கடையை விட்டுப் போகும், ஆனால் காசாக வராது, கடன் கொப்பியில் ஏறும். மாசி, பங்குனியில் வெட்டு முடிந்து நெல்லு விற்ற பிறகுதான் ஆட்கள் வந்து கணக்கை வெட்டுவார்கள். என் கூற்றில் டிசம்பர் 23ஆம் திகதி மிச்சம் 4,180 ரூபாய். அதை எடுத்துப் பார்க்கிறவருக்கு இது படுக்கப் போகிற கடை என்றுதான் தோன்றும்.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். என் விண்ணப்பத்தில் கிளை முடிவெடுக்கவில்லை. கிளை வாங்கி அனுப்பியது, முடிவெடுத்தது கொழும்பில் இருக்கிற கடனட்டைப் பிரிவு. கிளையில் இருக்கிற தங்கச்சிக்கு இரணைமடுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தெரியும், கொழும்பில் கோப்பைப் பார்க்கிறவருக்கு அது தெரிய வேண்டிய தேவை இல்லை. அவருக்கு முன்னால் மூன்று கடதாசி, அவ்வளவுதான். ஆகவே பருவத்தைப் பற்றி நீங்கள்தான் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் முறை ஏப்ரலில் போனேன், பன்னிரண்டு மாதக் கூற்றோடு. மூன்று மாதம் கேட்டாலும் பன்னிரண்டு மாதம் கொடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு இரவு இருந்து கூற்றை வரி வரியாகப் பார்த்து, சிவப்புப் பேனாவால் சில வரிகளைக் கழித்தேன். பலர் விடுகிற பிழை இதுதான். கணக்குக்குள் வந்த காசு முழுவதையும் வருமானம் என்று எழுதுவார்கள். அது வருமானம் இல்லை, கடையின் புரள்வு. எனக்கு அந்த வருடம் வந்து விழுந்தது 68 லட்சம். அதில் 3 லட்சம் கனடாவில் இருக்கிற தம்பி அம்மாவின் வைத்தியத்துக்கு அனுப்பியது. இன்னும் 2 லட்சம் நானே என் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றியது. இரண்டையும் எடுத்தால் 63 லட்சம். சாமான் வாங்கிய பில்கள் 49 லட்சம். கடை வாடகை, கரண்ட், பெடியனின் சம்பளம் எல்லாம் சேர்த்து 5 லட்சம். மிஞ்சியது 9 லட்சம், மாதத்துக்கு 75,000. நான் எழுதியது இந்த 75,000ஐத்தான். 68 லட்சத்தைப் பன்னிரண்டால் பிரித்து ஐந்தரை லட்சத்துக்கு மேல் மாத வருமானம் என்று எழுதியிருந்தால், பார்க்கிற ஆள் அந்த வரியோடு என்னை நம்புவதை நிறுத்தியிருப்பார்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் இணைத்தவை: பிரதேச செயலகத்தில் எடுத்த வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், கொழும்பு மொத்த வியாபாரியின் பில்களின் போட்டோக் கொப்பி, கடை வாடகை ஒப்பந்தம். கிராம அலுவலர் சான்றிதழ் முகவரிக்கு உதவும், வருமானத்துக்கு அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். வருமான வரி விபரத்திரட்டு கொடுக்கிற ஆள் என்றால் அதன் பிரதியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், அதைவிடப் பலமான ஆதாரம் கிடையாது. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 லட்சம் வரைக்கும் வரிவிலக்கு இருப்பதால் எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் பலருக்கு வரி வராது. அப்படியானால் மேலே சொன்ன கணக்கும் பில்களும்தான் கை கொடுக்கும்.

அடுத்தது, ஏற்கெனவே எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பது. எனக்குச் சின்ன லொறி லீசிங் மாதம் 18,500. கடனட்டைக்கு, நீங்கள் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும், எல்லையில் ஒரு பங்கை மாதக் கட்டணமாக வைத்துப் பார்ப்பார்கள். கிளையில் எனக்குச் சொன்ன கணக்கு ஐந்து வீதம். நான் கேட்டது இரண்டரை லட்சம், அதில் ஐந்து வீதம் 12,500. லீசிங்கோடு 31,000. 75,000இல் அது நூற்றுக்கு 41. பாதியைத் தாண்டினால் அனுப்புவதில் பிரயோசனம் இல்லை அண்ணை என்று தங்கச்சி முன்கூட்டியே சொன்னா. உங்கள் கணக்கையும் இப்படி வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை கேட்கலாம் என்று தீர்மானியுங்கள். ஐந்து லட்சம் கேட்டால் பேரம் பேசி இரண்டரைக்கு வருவார்கள் என்று நினைக்க வேண்டாம், கோப்பை அப்படியே திருப்பி அனுப்பவும் இடமிருக்கிறது.

திருப்பிக் கட்டிய வரலாறு எழுதும்போது நான் கொஞ்சம் தயங்கினேன், ஏனென்றால் என்னுடையது முழுச் சுத்தம் இல்லை. இருபத்து நான்கு மாதத்தில் இருபத்திரண்டு மாதம் முழுத்தொகையும் திகதிக்குள் கட்டியிருந்தேன். ஒரு மாதம் ஆகக்குறைந்த தொகை மட்டும். இன்னொரு மாதம் நான்கு நாள் பிந்தியது: கடைசித் திகதி வெள்ளிக்கிழமை, பின்னேரம் கடை பூட்டிவிட்டுப் போய் மெசினில் காசு போட்டேன், அடுத்தது சனி, ஞாயிறு, திங்கள் போயா விடுமுறை, கணக்கில் ஏறியது செவ்வாய்க்கிழமை. தாமதக் கட்டணமும் விழுந்தது. இதை மறைத்து எந்த மாதமும் தவறவில்லை என்று எழுதுவதால் லாபம் இல்லை, அவர்களுடைய திரையில் எல்லாம் இருக்கிறது. காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். இதற்குப் பிறகு நான் கடைசித் திகதிக்கு மூன்று வேலை நாளுக்கு முன்னமே கட்டிவிடுகிறேன். கடனட்டையால் ஏரிஎம்மில் காசு எடுக்கிற பழக்கம் இருந்தால் விண்ணப்பிக்கச் சில மாதம் முன்பே விட்டுவிடுங்கள். அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், பார்க்கிறவருக்கும் அது கைமுட்டுப்பாட்டின் அடையாளம்.

நான் கொடுத்த கடிதம் ஒரு பக்கம்தான். அதன் நடுப்பகுதி இது:

> "எனது கடையின் விற்பனை நெற்செய்கையோடு சேர்ந்தது. காலபோக வெட்டுக்குப் பின் பெப்ரவரி, மார்ச்சிலும் சிறுபோக வெட்டுக்குப் பின் ஓகஸ்ட், செப்டெம்பரிலும் பணம் வரும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கணக்கு மிச்சம் குறைவாக இருப்பது இதனாலேயே. ஆகவே பன்னிரண்டு மாதக் கூற்றை இணைத்துள்ளேன். செலவு போக மாத சராசரி வருமானம் 75,000 ரூபாய் (கணக்கு பின்பக்கத்தில்). தற்போதைய கடன் லீசிங் ஒன்று மட்டும், மாதம் 18,500 ரூபாய், நிலுவை இல்லை. கடந்த 24 மாதத்தில் கடனட்டைக்கு 22 மாதம் முழுத்தொகை செலுத்தியுள்ளேன். ஒரு மாதம் ஆகக்குறைந்த தொகை, ஒரு மாதம் விடுமுறை காரணமாக 4 நாள் தாமதம். செப்டெம்பரில் காலபோகத்துக்கான சாமான்களை ஒரே முறையில் வாங்க எல்லையை 2,50,000 ரூபாவாக உயர்த்தித் தருமாறு கேட்கிறேன். அத்தொகையைச் சிறுபோக வரவிலிருந்து ஒக்டோபரில் செலுத்துவேன்."

தமிழில் எழுதி, ஆங்கிலப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன், கொழும்புக்குப் போகிற கோப்பு என்பதால். கடைசி வரியைக் கவனியுங்கள். எதற்கு, எப்போது, எந்தக் காசில் திருப்பிக் கட்டுவேன் என்று இருக்கிறது. நீங்களும் உங்களுக்கு உண்மையில் அப்படி ஒரு வரவு இருந்தால் மட்டும் அதை எழுதுங்கள். செப்டெம்பரில் கடனட்டையில் வாங்கி, ஐந்து மாதம் கடன் கொப்பியில் விட்டு, மாசியில் வருகிற காசுக்குக் காத்திருந்தால் அந்த வட்டி சாமானில் வைத்த லாபத்தைத் தின்றுவிடும்.

கொண்டுபோய்க் கொடுக்க முன்னம் இன்னொரு வேலை இருக்கிறது, உங்கள் கிறிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் தருவது. வங்கிக் கிளை மூலம் எடுக்கலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். அதில் உங்கள் கடன் மட்டும் இல்லை, நீங்கள் பிணை நின்ற கடனும் வரும். வன்னியில் பிணைக்குக் கையெழுத்துப் போடாத ஆள் குறைவு. மச்சானின் மோட்டார் சைக்கிள், பக்கத்து வளவுக்காரரின் உழவு இயந்திரம் என்று எத்தனை இடத்தில் போட்டிருப்போம். என்னுடைய அறிக்கையில் நான் மறந்தே போன ஒரு பிணை இருந்தது, கடன் எடுத்தவர் இரண்டு தவணை பிந்தியிருந்தார். வீட்டுக்குப் போய்க் கதைத்தேன், அவர் கட்டி முடித்து, கடன் கொடுத்த நிறுவனம் தகவலைப் புதுப்பித்த பிறகுதான் நான் விண்ணப்பம் கொடுத்தேன். ஜனவரியில் மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. அறிக்கையில் பிழை இருந்தால் திருத்த வேண்டியது அந்தக் கடனைப் பதிந்த நிறுவனம், ஆகவே அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரே மாதத்தில் நாலு வங்கிக்கு விண்ணப்பம் போடவும் வேண்டாம், ஒவ்வொரு வங்கி உங்கள் அறிக்கையைக் கேட்டதும் அதில் பதிவாகும்.

பில்லும் இல்லை, காசு வங்கிக்கே போவதில்லை, எல்லாம் லாச்சிக்குள்தான் என்றால், நிலையான வைப்பு ஒன்றைப் பிணையாக வைத்து எல்லை கேட்கலாம். வைப்புத் தொகையில் ஒரு பங்கு வரைக்கும் தருவார்கள், வருமானம் பற்றிக் கேள்வி குறைவு, ஆனால் அது பிணையில் இருக்கும் வரைக்கும் அந்தக் காசைத் தொட முடியாது. மற்றப்படி இன்றிலிருந்து அன்றாட விற்பனையை ஒரே கணக்கில் போடத் தொடங்குங்கள், ஆறு மாதத்தில் அதுவே ஆதாரமாகிவிடும்.

எனக்கு மூன்று கிழமையில் பதில் வந்தது. இரண்டரை கேட்டேன், இரண்டு லட்சம் தந்தார்கள். அந்த செப்டெம்பரில் 1,70,000க்குச் சாமான் எடுத்து, சொன்னபடி ஒக்டோபரில் கட்டி முடித்தேன். நீங்கள் எந்த வியாபாரம், எந்த மாதத்தில் காசு வரும் என்று கீழே எழுதினால், எந்த மாதக் கூற்றோடு போவது நல்லது என்று சேர்ந்து பார்க்கலாம்.