அப்பச்சியின் க்ளெய்முக்குப் பிறகு ஆத்தாவுக்கு எவ்வளவு மிச்சம்?

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டை. நான் (39), மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பச்சி (68), ஆத்தா (63) ஆறு பேருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஒரே ஃப்ளோட்டர் பாலிசி. ஆறு வருஷமாகக் கட்டுகிறோம். ஆகஸ்ட்டில் அப்பச்சிக்கு மதுரையில் பைபாஸ் நடந்தது. பில் 6,85,000 ரூபாய். கம்பெனி 6,20,000 கொடுத்தது. இப்போது ஆத்தாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்ற வேண்டும், 4,75,000 ஆகும் என்கிறார்கள். மீதி எவ்வளவு கிடைக்கும்? ஜனவரி 10-ல் புதுப்பிக்கும்போது எல்லோருக்கும் தனித்தனிப் பாலிசியாக மாற்றிவிடலாமா?

பதில்: மீதியைக் கணக்கிடும்போது மருத்துவமனை பில்லைப் பார்க்க வேண்டாம். கம்பெனி ஏற்றுக் கொடுத்த தொகைதான் கழியும். 10 லட்சத்தில் 6,20,000 போக 3,80,000 இருக்கிறது. ஆனால் பைபாஸ் க்ளெய்ம் டிஸ்சார்ஜ் அன்றே முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு 60 நாட்களுக்கு (சில பாலிசிகளில் 90, 180 நாட்களுக்கு) ஆகும் மருந்து, எக்கோ, டாக்டர் ஃபீஸ் எல்லாம் அதே க்ளெய்மைச் சேர்ந்தவை. அந்த வகையில் 18,000 ரூபாய்க்கு பில் அனுப்பி வாங்கியிருந்தால், மீதி 3,62,000 ஆகிவிடும். கம்பெனியிடமோ, அதன் சார்பில் க்ளெய்ம்களைக் கவனிக்கும் டிபிஏவிடமோ "பேலன்ஸ் சம் இன்ஷூர்டு" எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தையாக ஏஜென்ட் சொல்வது போதாது. அவர் பார்க்கும் கணக்கில் கடைசியாகப் போன மருந்து பில்கள் ஏறியிருக்காது. போனஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை. க்ளெய்ம் இல்லாத வருஷங்களில் சேர்ந்த போனஸ் இருந்தால் அது இந்த மீதிக்கு மேல் கூடுதல்.

அந்த 18,000-ஐயும் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்து, போனஸைத் தள்ளிவைத்துப் பார்த்தால், ஆத்தாவின் 4,75,000-க்கு 3,62,000 வரைதான் பாலிசியில் பணம் இருக்கிறது. துண்டு விழுவது 1,13,000. அதோடு ஜனவரி 10 வரை உங்களுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அப்பச்சிக்கும் கையில் ஒன்றும் இருக்காது. மழைக்காலத்தில் பிள்ளைக்கு டெங்கு என்று நாலு நாள் படுக்க வைத்தாலும் முழுப் பணமும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இங்கேதான் "ரெஸ்டோரேஷன்" வருகிறது. தீர்ந்த தொகையைக் கம்பெனி மறுபடி நிரப்பித் தரும் வசதி அது. இன்று விற்கும் ஃப்ளோட்டர் பாலிசிகளில் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஷரத்து பாலிசிக்குப் பாலிசி மாறும். ஒரு வகையில், 10 லட்சமும் சுத்தமாகத் தீர்ந்த பிறகே நிரப்புவார்கள்; நிரப்பியதை அடுத்து வரும் அட்மிஷனுக்கு மட்டுமே தருவார்கள். உங்களிடம் 3,62,000 மிச்சம் இருப்பதால் ஆத்தா சேரும் நாளில் அந்த வசதி விழித்திருக்காது. பில் 3,62,000-ஐத் தாண்டும்போதுதான் தொகை தீரும், ஆனால் அதே பில்லுக்கு நிரப்பிய பணம் வராது. 1,13,000 உங்கள் தலையில்தான். இன்னொரு வகையில், மீதி போதாது என்ற நிலை வந்தாலே நிரப்பிவிடுவார்கள். அதில் ஆத்தாவின் முழுச் செலவும் அடங்கிவிடும். உங்கள் பாலிசி புத்தகத்தில் ரெஸ்டோரேஷன் ஷரத்தை எடுத்து, "முழுவதும் தீர்ந்த பின்" என்ற பொருளில் இருக்கிறதா, "போதாமல் போனால்" என்ற பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே ஆளுக்கு, அதே நோய்க்கு மறுபடி தர மாட்டோம் என்ற வரி பல பாலிசிகளில் உண்டு. ஆத்தா வேறு ஆள், முழங்கால் வேறு நோய் என்பதால் அது அவரைத் தடுக்காது. அப்பச்சிக்கு இதே வருஷம் மறுபடி நெஞ்சு வலி வந்தால் தடுக்கலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஜனவரி 10 வரை பொறுக்க முடியுமா? முழங்கால் மாற்று பெரும்பாலும் நாள் குறித்துச் செய்யும் அறுவை. புதுப்பித்த அன்றிலிருந்து புது வருஷக் கணக்கு. 10 லட்சமும் முழுதாகத் திரும்பி வரும். ஆத்தா அட்மிட் ஆகும் தேதி புது வருஷத்துக்குள் விழ வேண்டும். பழைய வருஷத்தில் சேர்ந்து புது வருஷத்தில் டிஸ்சார்ஜ் ஆனால் இரண்டு வருஷத்து மீதியையும் பார்த்துக் கணக்குப் போடுவார்கள், வீண் இழுபறி. வலி தாங்க முடியாமல் ஒரு காலை மட்டும் இப்போதே செய்யலாம் என்று டாக்டர் சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது: சுமார் 2,50,000 ஆனாலும் 3,62,000-க்குள் அடங்கும், மற்ற ஐந்து பேருக்கும் ஏறத்தாழ 1,12,000 மிச்சம் நிற்கும். இரண்டாவது காலை பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கால்களையும் சேர்த்துச் செய்வதா, தனித்தனியாகவா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாலிசிக்காக அவரை நெருக்காதீர்கள்.

இதில் இன்னொன்று. ஆத்தாவின் அறுவையை ஜனவரிக்குத் தள்ளுவதாக முடிவானால், அப்பச்சியின் மருந்து பில்களில் அனுப்பாதது ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இந்த வருஷ மீதி எப்படியும் ஜனவரி 9 இரவோடு போய்விடும், அடுத்த வருஷத்துக்கு வராது. ஆனால் அந்த பில்களை அனுப்ப வழக்கமாக 15 நாள்தான் கெடு, அதுவும் 60 நாள் முடிந்த தேதியிலிருந்து.

சரி, தனித்தனியாக மாற்றும் விஷயம். செட்டிநாட்டில் ஒரே வீட்டில் இருந்துகொண்டே மகனையும் மருமகளையும் "வேறு வைப்பது" போலத்தான் தனிநபர் பாலிசி: ஒருவர் எடுத்துச் செலவழிப்பது மற்றவர் கணக்கைத் தொடாது. ஆறு பேருக்கும் ஆளுக்கு 10 லட்சம் தனியாக இருந்திருந்தால், அப்பச்சியின் 6,38,000 அவருடைய 10 லட்சத்தில் மட்டும் கழிந்திருக்கும். ஆத்தாவின் 10 லட்சம் அப்படியே இருந்திருக்கும். போனஸும் அப்படித்தான். ஃப்ளோட்டரில் அப்பச்சி எடுத்த ஒரு க்ளெய்முக்காக ஆறு பேரின் போனஸும் நிற்கலாம் அல்லது குறையலாம். தனிநபரில் அவருடையது மட்டும்.

ஆனாலும் ஆறு பேருக்கும் தனித்தனி என்பது என் சிபாரிசு இல்லை. நீங்கள் நால்வரும் ஒரே வருஷத்தில் பெரிய செலவோடு படுக்கும் வாய்ப்பு குறைவு. உங்களுக்கு ஃப்ளோட்டர் பொருத்தமானது, செலவும் குறைவு. ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் படுக்கக்கூடியவர்கள் பெரியவர்கள்தான். அவர்களை உங்களோடு சேர்த்து வைத்ததில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. ஃப்ளோட்டர் பிரீமியம் பெரும்பாலும் மூத்தவர் வயதை வைத்துத்தான் நிர்ணயமாகிறது. 68 வயதுக்காரர் இருக்கும் பாலிசியில் இருப்பதால் உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

பிரிக்கும்போது பலரும் செய்வது, பெற்றோரை வெளியே எடுத்துப் புதுக் கம்பெனியில் பாலிசி தேடுவது. உங்கள் நிலையில் அதைச் செய்யவே கூடாது. பைபாஸ் ஆன 68 வயதுக்காரரின் விண்ணப்பத்தைப் புதுக் கம்பெனி மறுக்கலாம், அல்லது அதிகப் பிரீமியம் கேட்கலாம். இப்போது இருக்கும் கம்பெனியோ, அப்பச்சி க்ளெய்ம் எடுத்தார் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது, அவர் பெயரில் மட்டும் பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி அது. அதனால் பெற்றோர் இருவரும் பழைய பாலிசியிலேயே இருக்கட்டும். வெளியேற வேண்டியது நீங்கள் நால்வரும். உங்களுக்கு எந்தக் கம்பெனியிலும் இடம் எளிதாகக் கிடைக்கும். பழைய பாலிசியின் தொடர்ச்சியாக வேறு கம்பெனிக்கு மாறும் "போர்ட்டிங்" முறையில் போனால், சில நோய்களுக்கு க்ளெய்ம் தராத காத்திருப்புக் காலத்தில் நீங்கள் கழித்த ஆறு வருஷமும் கூடவே வரும். அதற்குப் புதுப்பிப்புக்கு 45 நாட்களுக்கு முன்பாவது, அதாவது நவம்பர் 26-க்குள், விண்ணப்பம் போய்விட வேண்டும்.

அப்புறம், பெற்றோர் இருவரும் ஒரே ஃப்ளோட்டரில் 10 லட்சத்தைப் பகிர்வதா, ஆளுக்குத் தனியா? இந்த வருஷம் நடந்ததை வைத்துப் பார்த்தால் தனியாக வைப்பதே நல்லது. பல கம்பெனிகளில் அதே பாலிசி தனிநபர் வடிவத்திலும் இருக்கும். அதே கம்பெனிக்குள் அதற்கு மாற்ற முடியுமா, பைபாஸைக் காட்டிப் புதிதாக ஆராயாமல் செய்வார்களா என்று கேளுங்கள். தொகையைப் பற்றியும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இதுவரை இருவருக்கும் பொதுவாக இருந்தது 10 லட்சம். இப்போது ஆளுக்கு 10 லட்சம் ஆகும்போது, அந்த முழுத் தொகைக்கும் பழைய காத்திருப்புக் காலம் கணக்கில் வருமா? "கூடுதல் தொகை" என்று எதையாவது சொன்னால், அந்தப் பகுதிக்கு முழங்கால் மாற்று, ஏற்கெனவே உள்ள நோய்கள் போன்றவற்றுக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். அதிகபட்சம் 36 மாதம் வரை போகும். ஆத்தாவின் அறுவை ஜனவரியில் என்றால் இந்த ஒரு பதில் முக்கியம். பதில் திருப்தியாக இல்லையென்றால் இந்த வருஷம் இருவரையும் அதே ஃப்ளோட்டரில் விட்டுவிட்டு, அறுவை முடிந்த பிறகு அடுத்த புதுப்பிப்பில் பிரியுங்கள். நீங்கள் நால்வரும் வெளியேறுவதே அவர்களுக்குப் பெரிய இடம் தரும்.

உங்கள் நால்வருக்குப் புது ஃப்ளோட்டர் 5 லட்சத்துக்கு எடுத்தால், அதன் மேல் 5 லட்சம் கழிவுத் தொகையோடு ஒரு "சூப்பர் டாப்-அப்" வைக்கலாம். ஒருவர் க்ளெய்ம் மற்றவருக்கு உதவியாக வருவது இதில்தான். ஃப்ளோட்டர் சூப்பர் டாப்-அப்பில் வருஷம் முழுவதும் குடும்பத்துக்கு ஆன செலவைக் கூட்டி, 5 லட்சம் தாண்டியதும் கொடுக்கத் தொடங்குவார்கள். ஒருவர் 5 லட்சத்தைத் தீர்த்திருந்தால் அடுத்தவரின் பில் முதல் ரூபாயிலிருந்தே அதில் வரும். வெறும் "டாப்-அப்" வேண்டாம். அது ஒவ்வொரு அட்மிஷனும் தனியாக 5 லட்சம் தாண்டுகிறதா என்று பார்க்கும்.

இரண்டு பாலிசியானால் வரி கூடுமோ என்று யோசிக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃப்ளோட்டர் இரண்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. பழைய வருமான வரி முறையில் இருந்தால், 60 வயது கடந்த பெற்றோருக்கு நீங்கள் கட்டும் பிரீமியத்துக்கு 50,000 வரை தனிக் கழிவு உண்டு. ரசீது தனியாக இருப்பது அதற்கும் வசதி.

நவம்பர் 26-க்குள் போர்ட்டிங் விண்ணப்பம் கொடுத்தாலும், புதுக் கம்பெனி எழுத்தில் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழைய பாலிசியிலிருந்து உங்கள் நால்வரின் பெயரையும் எடுக்கச் சொல்ல வேண்டும். ஜனவரி 5 வரை பதில் வராவிட்டால் ஆறு பேரையும் வைத்தே புதுப்பித்துவிடுங்கள்.