லாப்லாசியனுக்கு நேர்மாறு இல்லை, ஆனால் மின்தடை கிடைக்கும்

கேள்வி: நடுவில் ஒரு மின்தடை குறுக்கே போகும் சுற்றில் தொடர், பக்க இணைப்பு விதிகள் எடுபடவில்லை. லாப்லாசியன் அணியின் நேர்மாறிலிருந்து இரண்டு கணுக்களுக்கு இடையிலான தொகுபயன் மின்தடை கிடைக்கும் என்று படித்தேன். ஆனால் அணிக்கோவை பூச்சியம் வருகிறதே, நேர்மாறை எப்படி எடுப்பது?

பூச்சியம் வருவதுதான் சரி. வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்: எங்கோ ஒரு உறுப்பைத் தப்பாக நிரப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உங்களுக்கு வேண்டியது முழு நேர்மாறு அல்ல, அதிலிருந்து ஒரே ஒரு எண். அந்த எண் பூச்சியத்தால் பாதிக்கப்படாது. ஏன் என்பதை ஒரு சுற்றை வைத்தே பார்க்கலாம்.

வீட்ஸ்டோன் சமனச்சுற்றை எடுத்துக்கொள்வோம், ஆனால் சமநிலையில் இல்லாதது. கணுக்கள் 1, 2, 3, 4. மின்தடைகள்: 1–2 இடையே 1 ஓம், 1–3 இடையே 2 ஓம், 2–4 இடையே 2 ஓம், 3–4 இடையே 1 ஓம், குறுக்கே 2–3 இடையே 1 ஓம். கேட்பது 1-க்கும் 4-க்கும் இடையிலான மின்தடை.

லாப்லாசியனில் போவது மின்தடை அல்ல, கடத்துத்திறன், அதாவது 1/R. மூலைவிட்டத்தில் அந்தக் கணுவைத் தொடும் எல்லாக் கடத்துத்திறன்களின் கூட்டுத்தொகை. மற்ற இடங்களில் அந்த இரு கணுக்களை இணைக்கும் கடத்துத்திறன், எதிர்க்குறியோடு. இணைப்பே இல்லை என்றால் 0.

```
 1.5  -1    -0.5   0
-1     2.5  -1    -0.5
-0.5  -1     2.5  -1
 0    -0.5  -1     1.5
```

இந்த அணியைக் கணுக்களின் மின்னழுத்தங்களால் பெருக்கினால், ஒவ்வொரு கணுவிலும் வெளியிலிருந்து உள்ளே செலுத்த வேண்டிய மின்னோட்டம் வரும். L v = i என்பது கிர்க்காஃபின் மின்னோட்ட விதியையும் ஓம் விதியையும் ஒன்றாக எழுதியதுதான், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

இப்போது ஒவ்வொரு நிரையையும் கூட்டிப் பாருங்கள். எல்லாம் 0. நான்கு கணுக்களையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்தால் எங்கும் மின்னோட்டம் ஓடாது என்பதைத்தான் அது சொல்கிறது. எல்லாக் கணுக்களின் மின்னழுத்தத்தையும் 7 வோல்ட் உயர்த்தினாலும் சுற்றுக்குத் தெரியாது. ஆக, மின்னோட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மின்னழுத்தங்களைத் தனித்தனியாகத் தீர்மானிக்க முடியாது. அணிக்கோவை பூச்சியம் என்பதன் பொருள் இவ்வளவுதான். ஆனால் மின்தடைக்கு வேண்டியது இரண்டு மின்னழுத்தங்களின் வித்தியாசம். எல்லாவற்றோடும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் வித்தியாசம் மாறாது அல்லவா? அதனால்தான் நேர்மாறு இல்லாத அணியிலிருந்தும் மின்தடை தப்பி வெளியே வருகிறது.

கையால் செய்வதற்கு எளிய வழி, ஒரு கணுவைத் தரையாக்குவது. 4-ஐ 0 வோல்ட் என்று வைத்து, நான்காம் நிரையையும் நான்காம் நிரலையும் நீக்கிவிடுங்கள். 1-இல் 1 ஆம்பியர் செலுத்துகிறோம். அது 4 வழியாக வெளியேறும். மிஞ்சுவது மூன்று சமன்பாடுகள்:

```
1.5 v1 -     v2 - 0.5 v3 = 1
   -v1 + 2.5 v2 -     v3 = 0
-0.5 v1 -    v2 + 2.5 v3 = 0
```

இரண்டாவதிலிருந்து v1 = 2.5 v2 − v3. அதை மூன்றாவதில் போட்டால் v3 = 0.75 v2, எனவே v1 = 1.75 v2. முதலாவதில் போட்டால் 1.25 v2 = 1. ஆக v2 = 0.8, v3 = 0.6, v1 = 1.4. செலுத்தியது 1 ஆம்பியர், வித்தியாசம் 1.4 வோல்ட், மின்தடை 1.4 ஓம்.

நம்பலாமா? குறுக்கு மின்தடையை வெட்டி எடுத்துவிட்டால், 3 ஓம் பாதைகள் இரண்டு பக்க இணைப்பில்: 1.5 ஓம். அதையே வெறும் கம்பியாக மாற்றினால், 2/3 + 2/3, அதாவது 1.333 ஓம். ஒரு மின்தடையைக் குறைத்தால் மொத்த மின்தடை ஒருபோதும் கூடாது என்பது ரேலியின் விதி. எனவே விடை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருந்தாக வேண்டும். 1.4 அங்கேதான் இருக்கிறது. எந்தச் சுற்றானாலும் இப்படி இரண்டு எல்லைகளை முதலில் குறித்துக்கொள்வது என் பழக்கம்; கால் பக்கக் கணக்கு, ஆனால் பெரிய பிழைகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சரி, நீங்கள் படித்த 'நேர்மாறு' எங்கே வருகிறது? நீக்கியது போக மிஞ்சிய 3×3 அணிக்கு உண்மையான நேர்மாறு உண்டு. அதன் முதல் நிரல்தான் நாம் கண்டுபிடித்த 1.4, 0.8, 0.6. முதல் மூலைவிட்ட உறுப்பே விடை. அணிக்கோவையாகச் சொன்னால், 1, 4 இரண்டின் நிரை நிரல்களையும் நீக்கியதன் அணிக்கோவை 5.25, 4-ஐ மட்டும் நீக்கியதன் அணிக்கோவை 3.75, விகிதம் 1.4.

எந்தக் கணுவையும் தரையாக்காமல், எல்லாக் கணுக்களையும் சமமாக நடத்த வேண்டுமானால் மூர்–பென்ரோஸ் போலி நேர்மாறு இருக்கிறது. அதை P என்று வைத்தால் சூத்திரம்:

```
R(a,b) = P[a,a] + P[b,b] - 2*P[a,b]
```

மூன்று உறுப்புகள் ஏன் என்று பலர் குழம்புவார்கள். a-இல் +1, b-இல் −1 ஆம்பியர் செலுத்துகிறோம். அதனால் a-இன் மின்னழுத்தம் P[a,a] − P[a,b]. b-இன் மின்னழுத்தம் P[b,a] − P[b,b]. P சமச்சீர் அணி என்பதால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மேலே உள்ள சூத்திரம் வந்துவிடும்.

இதே சூத்திரத்தில் P-க்குப் பதிலாக நம் 3×3 நேர்மாறை, நான்காம் நிரை நிரலில் பூச்சியங்களை நிரப்பிப் போட்டாலும் 1.4 + 0 − 0 என்று அதே விடைதான். L G L = L என்பதை நிறைவுசெய்யும் எந்த G-ஐப் போட்டாலும் விடை மாறாது. காரணம், கணக்கைப் பிரித்துப் பார்த்தால் மிஞ்சுவது சுற்றில் செலவாகும் திறன் மட்டுமே, அது G-ஐச் சார்ந்தது அல்ல. நம் சுற்றில் அதையும் எண்ணிப் பார்க்கலாம். 1–2, 3–4 ஆகியவற்றில் 0.6 ஆம்பியர், 1–3, 2–4 ஆகியவற்றில் 0.4, குறுக்கில் 0.2. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 0.36 + 0.32 + 0.04 + 0.32 + 0.36 = 1.4 வாட். 1 ஆம்பியர் செலுத்தும்போது திறனும் மின்தடையும் ஒரே எண்.

கணினியில் என்றால் இவ்வளவுதான்:

```python
import numpy as np
L = np.array([[ 1.5, -1, -0.5, 0],
              [-1, 2.5, -1, -0.5],
              [-0.5, -1, 2.5, -1],
              [0, -0.5, -1, 1.5]])
P = np.linalg.pinv(L)
print(P[0,0] + P[3,3] - 2*P[0,3])
```

`pinv`-க்குப் பதில் `inv` என்று அடித்துவிடாதீர்கள். பூச்சியக் கோவை அணி என்று பிழைச்செய்தி வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தசமப் பிழையால் அணிக்கோவை துல்லியமாகப் பூச்சியம் ஆகாமல் போனால், பிழைச்செய்தி இல்லாமலேயே பிரம்மாண்டமான எண்கள் கொண்ட ஒரு 'நேர்மாறு' கையில் கிடைக்கும். அந்த எண்களைக் கழித்துக் கிடைக்கும் விடைக்கு மதிப்பே இல்லை.

இதைவிட நயவஞ்சகமான பிழை ஒன்று உண்டு. சுற்று இரண்டு துண்டாகப் பிரிந்திருந்தாலும் `pinv` வாயைத் திறக்காது. 1–2 ஒரு 1 ஓம், 3–4 ஒரு 1 ஓம், நடுவே இணைப்பே இல்லை என்று வையுங்கள். 1-க்கும் 3-க்கும் இடையே மின்தடை முடிவிலி. ஆனால் சூத்திரம் 0.25 + 0.25 − 0 = 0.5 ஓம் என்று சாவதானமாகச் சொல்லும். ஆயிரக்கணக்கான கணுக்கள் கொண்ட வலையமைப்பில் ஒரு இணைப்பு விடுபட்டுப் போனால் இது கண்ணில் படவே படாது.

பிடிப்பதற்கு ஃபாஸ்டரின் தேற்றம் (1949) உதவும். ஒவ்வொரு மின்தடையின் கடத்துத்திறனையும் அதன் இரு முனைகளுக்கு இடையிலான தொகுபயன் மின்தடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால், கணுக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக வர வேண்டும். நம் சுற்றில் R(1,2), R(3,4) இரண்டும் 11/15; R(1,3), R(2,4) இரண்டும் 14/15; R(2,3) = 9/15. பெருக்கிக் கூட்டினால் 11/15 + 7/15 + 7/15 + 11/15 + 9/15 = 45/15, சரியாக 3. துண்டான சுற்றில் 1 + 1 = 2 மட்டுமே வரும், 3 வராது. எத்தனை குறைகிறதோ அத்தனை துண்டுகள் கூடுதலாக இருக்கின்றன.

ஆனால் ஃபாஸ்டர் பிடிக்காத பிழையும் உண்டு: கடத்துத்திறனுக்குப் பதில் மின்தடையையே அணியில் நிரப்பிவிடுவது. நிரப்பிய எண்கள் எதுவானாலும், அதே எண்களால் பெருக்கிக் கூட்டினால் 3 வந்துவிடும். இந்தச் சுற்றில் அப்படி நிரப்பினால் விடை 0.714 ஓம். முன்னே குறித்த 1.333, 1.5 எல்லைகளுக்கு வெளியே விழுவதால் உடனே தெரிந்துவிடும். (இது 1.4-இன் தலைகீழாக இருப்பது இந்தச் சுற்றின் அமைப்பால் வந்தது. கடைசியில் தலைகீழாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.) பயிற்சிக் கணக்குகளில் எல்லா மின்தடையும் 1 ஓம் என்று இருப்பதால் இந்தப் பிழை அங்கே வெளியே வரவே வராது, குறைந்தது ஒன்றையாவது 2 ஓம் ஆக்கிச் சோதியுங்கள்.

0 ஓம் கம்பி வந்தால் கடத்துத்திறன் முடிவிலி ஆகிவிடும். அணியில் பெரிய எண்ணைப் போட்டுச் சமாளிக்காமல், அந்த இரு கணுக்களையும் ஒன்றாக்கிவிடுவதே நல்லது. மிகப் பெரிய சுற்றில் ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் மின்தடை வேண்டுமென்றால் `pinv` பக்கமே போக வேண்டாம். அது n×n எண்களை நிரப்பும், நேரமும் n-இன் கனத்தில் ஏறும். ஒரு கணுவைத் தரையாக்கி, `scipy.sparse.linalg.spsolve` கொண்டு ஒரே ஒரு முறை சமன்பாட்டைத் தீர்த்தால் போதும். நாம் மேலே மூன்று வரியில் கையால் செய்ததும் அதேதான்.