இமையில் மஞ்சள் திட்டு: எடுப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை

"வயது 38. இரண்டு மேல் இமையிலும் மூக்கோரமாக மஞ்சள் திட்டு, வலி இல்லை. கொலஸ்ட்ராலா? எடுத்துவிடலாமா?"

எடுக்கலாம், ஆனால் முதலில் லிப்பிட் ப்ரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை பாருங்கள். சாந்தெலாஸ்மா போலத்தான் தெரிகிறது, அதாவது கொழுப்பை விழுங்கிய செல்கள் இமைத்தோலுக்குள் சேர்ந்த படிவு. இது வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் சரியாகவே இருக்கும்.

கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தாலோ, பரம்பரைக் கொலஸ்ட்ராலா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

மாத்திரையில் எல்.டி.எல். இறங்கும், திட்டு பெரும்பாலும் அப்படியே நிற்கும். திட்டை எடுக்க, தோலைச் சுட்டு உரிக்கும் டி.சி.ஏ. அமிலம், லேசர், இல்லை வெட்டியெடுப்பது. நம் மாநிறத் தோலில் அமிலமும் லேசரும் கருந்தடமோ வெளிர்தடமோ விடலாம், அப்புறம் எப்படி எடுத்தாலும் திரும்ப வர வாய்ப்புண்டு. பூண்டு அரைத்து மட்டும் வைக்காதீர்கள், இமை வெந்துவிடும்.