விருதுப் பகுதியில் எதைப் போடலாம், எதை விடலாம்? - வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரெஸ்யூமேயிலும் லிங்க்ட்இன்னிலும் வரும் விருதுகள் பகுதியைப் பற்றியவை. கேம்பஸ் இன்டர்வியூ நேரம் என்பதால் இருக்கலாம். எடுத்துக்கொண்டவற்றில் சிலவற்றுக்கு ஒரு வரி போதும். மேட்டூர் ரோடு நண்பருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருந்தது.

சூரமங்கலம், என்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு மாணவர்: கருத்தரங்கு, ஒர்க்‌ஷாப் சான்றிதழ்கள் இருபதுக்கு மேல் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் விருதுகளில் சேர்க்கலாமா சார்?

ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள். வந்து உட்கார்ந்தவர் எல்லோருக்கும் கொடுப்பது பங்கேற்புச் சான்றிதழ். பலர் போட்டியிட்டு அதில் உங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால்தான் அது விருது. அந்த இருபதில் பேப்பர் வாசித்துப் பரிசு வாங்கியது ஏதாவது இருந்தால், அதை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

அம்மாபேட்டை வாசகி: என்பிடெல் ஆன்லைன் பாடத் தேர்வில் 'எலைட் + கோல்டு' வாங்கியிருக்கிறேன். இது விருதுதானே?

இல்லை அம்மா. தொண்ணூறோ அதற்கு மேலோ மதிப்பெண் எடுத்த எல்லோருக்கும் அது கிடைக்கும். சான்றிதழ்கள் பகுதியில் போடுங்கள், அங்கே அதற்கு நல்ல மதிப்பு உண்டு. அந்தப் பாடத்தில் முதல் சில சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு 'டாப்பர்' என்று தனியாக ஒன்று தருவார்கள். அது கையில் இருந்தால் விருதுப் பகுதியில் தாராளமாகப் போடலாம். எத்தனை பேரில் ஒருவர் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

ஐந்து ரோடு, நிதி நிறுவனக் கிளை ஊழியர்: 'ஸ்டார் ஆஃப் தி மந்த்' மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். மூன்றையும் தனித்தனியாகப் போடட்டுமா?

வேண்டாம். ஒரே விருதை மூன்று வரியாகப் பிரித்தால், வேறு எதுவும் இல்லாததால் இழுக்கிறார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அதைத் தனிப் பகுதிக்கே கொண்டுவராமல், அந்த வேலையின் கீழேயே ஒரு வரியாக எழுதுங்கள்: 'கிளையின் 12 வசூல் ஊழியர்களில், மாத வசூல் இலக்கை அதிகம் தாண்டியதற்காக 2023-24ல் மூன்று முறை மாதத்தின் சிறந்த ஊழியர்'. எண்கள் உங்களுடையவையாக இருக்கட்டும், நான் உதாரணத்துக்குச் சொன்னேன். எத்தனை பேரில், எந்த அளவுகோலில், எந்தக் காலத்தில் என்ற மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில கிளைகளில் இந்தப் பட்டம் முறை வைத்துச் சுற்றிவரும். இந்த மாதம் அவர், அடுத்த மாதம் இவர். உங்கள் கிளையில் அப்படித்தான் என்றால் விட்டுவிடுங்கள். அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் சங்கடம்.

ஓமலூர்: சான்றிதழ்களை இணைத்துள்ளேன். எது நல்லது என்று சொல்லவும்.

எந்த வேலைக்கு என்று எழுதவில்லை. என்ன படித்தீர்கள் என்றும் எழுதவில்லை. ஏழு படங்கள் வந்தன, நான்கு தலைகீழாக, இரண்டு மங்கல். இதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

மேட்டூர் ரோடு, தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவு: வேலையிடப் பிரச்சினைகளைச் சேர்ந்து தீர்க்கும் எங்கள் குவாலிட்டி சர்க்கிள் குழு மாநாட்டில் கோல்டு வாங்கியது. லிங்க்ட்இன்னில் 'தேசிய அளவில் தங்கம் வென்றவர்' என்று போட்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் இது தப்பு என்கிறார்.

நண்பர் சொல்வது சரி. ஒன்றல்ல, மூன்று தப்பு. இந்த வரியைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, எந்த மேடை. நீங்கள் அனுப்பிய சான்றிதழைப் பார்த்தேன். அது குவாலிட்டி சர்க்கிள் ஃபோரம் ஆஃப் இந்தியாவின் சாப்டர், அதாவது வட்டாரக் கிளை அளவிலான மாநாடு. அங்கே தேறிய குழுக்கள்தான் தேசிய மாநாட்டுக்குப் போகும். சான்றிதழின் மேல் 'இந்தியா' என்று இருப்பது அமைப்பின் பெயர், போட்டியின் அளவு அல்ல. தேசிய மாநாட்டில் கோல்டு, சில்வர் என்றே கொடுப்பதில்லை. 'பார் எக்ஸலன்ஸ்', 'எக்ஸலன்ஸ்', 'டிஸ்டிங்க்விஷ்ட்' என்றுதான் வரும். 'தேசிய அளவில் கோல்டு' என்று படித்த மாத்திரத்தில், விவரம் தெரிந்தவர் புருவத்தைத் தூக்கிவிடுவார்.

இரண்டாவது, கோல்டு என்பது இங்கே முதலிடம் இல்லை. குழு எடுக்கும் மதிப்பெண்ணை வைத்துப் போடும் தரம் அது. ஒரே நாளில் ஒரே அரங்கில் பல குழுக்கள் கோல்டு வாங்கும். ஓட்டப்பந்தயத் தங்கம் போல ஒருவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. அதனால் அதன் மதிப்பு குறைந்துபோகாது. நடுவர்கள் முன்னால் பிரச்சினையை எடுத்துவைத்து, தரவைக் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கிய தரம். அதை அதன் பெயரிலேயே சொல்லலாமே. 'வென்றேன்' என்று எழுதும்போதுதான் சந்தேகம் வருகிறது.

மூன்றாவது, அது உங்கள் குழுவுக்குக் கிடைத்தது. ஏழு பேர் இருந்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற ஆறு பேரும் இதே வரியைத் தங்கள் பக்கத்தில் போட்டால், ஒரே கம்பெனியில் ஏழு தேசியத் தங்கம்!

சரி, எப்படித்தான் எழுதுவது? கடிதத்தில் நல்ல விஷயத்தைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கன்வேயர் ரோலர்களின் பேரிங் அடிக்கடி இறுகி, மாதம் 10 மணி நேரம் போல லைன் நின்றிருக்கிறது. எந்த ரோலர், எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட் என்று மூன்று மாதம் செக்‌ஷீட் போட்டு எழுதியது நீங்கள். அதைப் பாரேட்டோ வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோது, பழுதில் முக்கால்வாசி சரக்கு விழும் முனையில் இருக்கும் சில ரோலர்களில்தான் என்று தெரிந்திருக்கிறது. அங்கே தூசி சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கெடுக்கிறது. சீல் வகையை மாற்றி, தூசி மறைப்புத் தகடும் வைத்த பிறகு நிறுத்தம் 2 மணி நேரத்துக்கு வந்துவிட்டது. கோல்டை விட இதுதான் உங்கள் சொத்து.

லிங்க்ட்இன்னில் `Honors & awards` பகுதியைத் திறந்தால் சில கட்டங்கள் வரும். `Title` கட்டத்தில் சான்றிதழில் இருக்கும் பெயரை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் 'குழு விருது' என்று சேருங்கள். `Issuer` என்பது கொடுத்தவர். அங்கே ஃபோரத்தின் பெயர், சாப்டரின் பெயரோடு. பலர் இங்கே கம்பெனி பெயரைப் போட்டு, வெளியில் வாங்கிய விருதை உள்ளே கொடுத்த விருதாக்கிவிடுகிறார்கள். கம்பெனிக்கு `Associated with` என்று தனிக் கட்டம் இருக்கிறது. தேதி, மாநாடு நடந்த மாதம். `Description` கட்டத்தில் நான்கே வாக்கியம்:

'ஏழு பேர் கொண்ட பராமரிப்புக் குழு. சாப்டர் மாநாட்டில் கோல்டு தரம். கன்வேயர் பேரிங் பழுதுக்கான மூன்று மாதத் தரவைச் சேகரித்துப் பகுப்பாய்ந்தது என் பங்கு. மாத நிறுத்தம் சுமார் 10 மணி நேரத்திலிருந்து 2 மணி நேரமாகக் குறைந்தது.'

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். இன்டர்வியூவில் கோல்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கப்போவதில்லை. "இப்போதும் மாத நிறுத்தம் 2 மணி நேரம்தானா?" என்று கேட்பார்கள். மாநாடு முடிந்ததும் பழைய சீலுக்கே திரும்பிப்போன கதைகள் தொழிற்சாலைகளில் ஏராளம். போகும் முன் கடைசி ஆறு மாதக் கணக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூர் மாணவி: ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் இறுதிச் சுற்று வரை போனோம், பரிசு இல்லை. போடலாமா?

போடலாம், ஆனால் எந்தச் சுற்று என்பதில் கவனம். முதலில் கல்லூரிக்குள் ஒரு ஹேக்கத்தான் நடத்தி, அதில் தேறிய குழுக்களைத்தான் கல்லூரி பரிந்துரைக்கும். அதற்குப் பிறகும் வடிகட்டி, கொஞ்சம் குழுக்களை மட்டும் இறுதிச் சுற்றுக்குக் கூப்பிடுவார்கள். கல்லூரிச் சுற்றில் ஜெயித்துவிட்டு 'இறுதிச் சுற்றாளர்' என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வெளியூர் மையத்துக்குப் போய் 36 மணி நேரம் உட்கார்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அந்தச் சொல் உங்களுக்குப் பொருந்தும். எந்தப் பிரச்சினைக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் ஆறு பேரில் உங்கள் பங்கையும் எழுதுங்கள். பரிசு இல்லாததால், ப்ராஜெக்ட் பகுதியில் போட்டு 'இறுதிச் சுற்று' என்று குறிப்பிட்டால் இன்னும் இயல்பாக இருக்கும்.

ஏற்காடு, எஸ்டேட் மேற்பார்வையாளர்: எங்கள் எஸ்டேட் காபிக்குச் சுவைப் போட்டியில் பரிசு கிடைத்தது. கோடை விழா மலர்க் கண்காட்சியில் என் வீட்டுத் தோட்டத்துக்கும் ஒன்று கிடைத்தது. இரண்டையும் போடலாமா?

காபிப் பரிசு எஸ்டேட்டுக்கு உரியது. காபி போர்டு நடத்தும் 'ஃபைன் கப்' போட்டியானாலும் வேறு எதுவானாலும் அதே கதைதான்: மாதிரியை அனுப்பியது எஸ்டேட், சான்றிதழில் இருப்பதும் அதன் பெயர். அதை உங்கள் விருதாகப் போட வேண்டாம். வேலை அனுபவத்தின் கீழ் உங்கள் கை பட்ட இடத்தைச் சொல்லுங்கள்: பழுத்த பழத்தை மட்டும் பறிக்க வைத்தது, பல்ப்பிங், நொதிக்கவிட்ட நேரம், களத்தில் ஈரப்பதம் பத்து சதவீதம் பக்கம் வரும்வரை காயவைத்தது. 'நான் பதப்படுத்தலைக் கவனித்த ஆண்டில் எஸ்டேட்டின் அராபிகாவுக்குப் பரிசு' என்று முடித்தால் போதும். வேறு எஸ்டேட்காரர் அதைப் படித்தாலே புரிந்துகொள்வார்.

மலர்க் கண்காட்சிப் பரிசு உங்களுடையது. தோட்டக்கலை, ரிசார்ட் வேலைக்குப் போட்டால் பொருத்தம். கணக்கர் வேலைக்கு என்றால் வேண்டாம். எந்தப் பிரிவு, எத்தனை தோட்டங்களில் என்பதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

செவ்வாய்பேட்டை, வெள்ளிக் கொலுசு வியாபாரி: 'சிறந்த இளம் தொழில்முனைவோர்' விருதுக்குத் தேர்வாகியிருப்பதாக மெயில் வந்தது. பதிவுக் கட்டணம் 15,000 ரூபாய். வாங்கினால் பிரயோஜனம் உண்டா?

அவர்களுக்கு உண்டு. நீங்கள் விண்ணப்பிக்காமலே தேர்வானது ஒன்று, தேர்வான பிறகு கட்டணம் கேட்பது இன்னொன்று. நடுவர்கள் யார், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று பதில் மெயில் போட்டுப் பாருங்கள், மேடைப் பேக்கேஜ் விலைப் பட்டியல்தான் வரும். ஒழுங்கான விருதுகளிலும் சிலவற்றில் விண்ணப்பக் கட்டணம் இருக்கும், ஆனால் தேர்வுக்கு முன்னால், ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை அதற்குக் கீழே இருக்கும் நல்ல விருதையும் யாரும் நம்பமாட்டார்கள். அந்த 15,000த்துக்கு வெள்ளி வாங்கிப் போடுங்கள்.

அழகாபுரம்: பத்தாம் வகுப்பில் பள்ளி முதலிடம். இப்போது எட்டு வருட அனுபவம். வைத்திருக்கலாமா?

எடுத்துவிடுங்கள்.