பிஎம்பி-2 எப்போது வீரர்களை இறக்க வேண்டும்?

“போர் விளையாட்டில் டாங்கிகளோடு ஒரே வரிசையில், வீரர்களை ஏற்றிச் செல்லும் பிஎம்பி-2 கவச வண்டிகளை விடுகிறேன். ஒவ்வொரு முறையும் அவைதான் முதலில் எரிகின்றன. எங்கே தவறு?”

வரிசையைப் பிரியுங்கள். டாங்கிகள் முன்னே செல்லட்டும். வண்டிகள் 100 முதல் 200 மீட்டர் பின்னே வரட்டும். எதிரியின் பதுங்குகுழிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் இருக்கும்போதே வீரர்களை இறக்கிவிடுங்கள்.

பெரும்பாலும் நீங்கள் மிகவும் தாமதமாக இறக்குகிறீர்கள். தோளில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதமான ஆர்பிஜி-7, ஓடும் வண்டியை 300 மீட்டருக்குள்தான் நம்பிக்கையாகத் தாக்கும். பிஎம்பி-2-இன் கவசமோ டாங்கிக் கவசம் அல்ல. பக்கவாட்டில் கனரக இயந்திரத் துப்பாக்கியே ஆபத்துதான். வீரர்கள் இறங்கும் பின்கதவுகளுக்குள் எரிபொருள் தொட்டி வைத்த வடிவமைப்பாளரை என்ன சொல்ல!

இறங்கிய வீரர்கள் டாங்கிகளை ஒட்டி நடக்க, வண்டிகள் இடைவெளிகள் வழியே 30 மி.மீ. பீரங்கியால் சுட வேண்டும். அடுத்த ஆட்டத்தில், வண்டி அடிபட்டபோது உள்ளே ஆள் இருந்தாரா என்று மட்டும் குறித்துப் பாருங்கள்.

பீரங்கிக் குண்டுவீச்சில் எதிரி தலை தூக்க முடியாமல் கிடந்தால் இறங்காமலேயே பாய்ந்து கடக்கலாம். வீரர்களை ஏற்றிச் செல்லும் எம்113 கவச வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இயந்திரத் துப்பாக்கி மட்டுமே உள்ள அதை மறைவிலேயே நிறுத்துங்கள்.